காது கேளாத தமிழருக்கு எந்த மொழி? பதிவுப் படிவத்திலேயே கேட்டுவிடலாம்

மலாக்கா மாநிலத்தில் தமிழர் நிகழ்ச்சி ஒன்றுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரை அழைக்க முடிவு செய்யும் பொறுப்பாளர்கள் பெரும்பாலும் முதலில் செலவைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். அதற்கு முன்பே விடை காண வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வரப்போகும் காது கேளாத தமிழருக்கு எந்த மொழி தெரியும்?

தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் அவருக்குத் தமிழ் எழுத்து தெரியும் என்று எடுத்துக்கொள்வது இயல்பு. திரையில் தமிழில் எழுத்து ஓடவிட்டால் போதும் என்றும் தோன்றும். ஆனால், மலேசியாவில் காது கேளாத பிள்ளைகளுக்கான கல்வி தமிழில் நடப்பதில்லை. அதனால் அந்த எழுத்தை அவரால் படிக்க முடியாமல் போக அதிக வாய்ப்பு உண்டு. மண்டபத்தில் எல்லா வசதியும் இருக்கும். அவருக்கு மட்டும் எதுவும் எட்டாது.

பள்ளி தந்த மொழி

காது கேளாதோருக்கான கூட்டரசுப் பள்ளி 1954ஆம் ஆண்டு பினாங்கில் தொடங்கப்பட்டது. பல மாநிலங்களிலிருந்து வந்த மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் அங்கே விடுதியில் தங்கிப் படித்தனர். தொடக்கத்தில் வகுப்பறையில் உதட்டசைவைப் பார்த்துப் பேசப் பழக்கினார்கள். பிள்ளைகளோ விடுதியில் தங்களுக்குள் கைகளால் பேசிக்கொண்டார்கள். பினாங்குச் சைகை மொழி அப்படித்தான் வளர்ந்தது.

பின்னர், 1970களின் பிற்பகுதியில், மலாய் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் கையால் காட்டும் ‘கோட் தாங்ஙான் பகாசா மலேசியா’ என்ற முறை பள்ளிகளுக்கு வந்தது. இது தனி மொழி அன்று. மலாய் மொழியின் கை வடிவம். காது கேளாத சமூகம் தன் அன்றாட வாழ்வில் பேசும் மொழி வேறு. அதுதான் ‘பகாசா இஷாரத் மலேசியா’ எனப்படும் மலேசிய சைகை மொழி. அதற்குச் சொந்த இலக்கணம் உண்டு. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் இம்மொழியை ஏற்றுக்கொண்டு, அலுவல் காரியங்களில் அதன் பயன்பாட்டுக்கு இடமளிக்க வேண்டும் என்கிறது.

இந்த வரலாற்றின் விளைவை ஜாசின், அலோர்காஜா, மலாக்கா தெங்ஙா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் உள்ள தமிழ் வீடுகளில் காணலாம். அண்ணன் தமிழ்ப்பள்ளியில் படித்திருப்பார். காது கேளாத தங்கை சிறப்புக் கல்விப் பள்ளியில் மலாயில் படித்திருப்பார். தங்கைக்குக் கையில் வருவது மலேசிய சைகை மொழி. எழுத்தில் வருவது மலாய். வீட்டில் பேசும் தமிழ் அவருக்கு உதட்டசைவாகவும், குடும்பத்துக்குள் மட்டும் புரியும் சில சைகைகளாகவும்தான் தெரியும்.

இதற்கு நேர்மாறான ஒரு பிரிவினரும் இருக்கிறார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, ரப்பர் ஆலையிலோ செம்பனை ஆலையிலோ பல ஆண்டுகள் இரைச்சலுக்கு நடுவே வேலை செய்து, நடுவயதுக்குப் பிறகு செவித்திறன் குறைந்தவர்கள் அவர்கள். அவர்களுக்குச் சைகை மொழி தெரியாது. ஆனால் தமிழை நன்றாகப் படிப்பார்கள். திரையில் ஓடும் தமிழ் எழுத்து இவர்களுக்குத்தான் பயன்படும்.

மூன்றாவது பிரிவினர் எண்ணிக்கையில் சிலரே. பிறவியிலேயே காது கேளாமல், பள்ளிக்கே போகாமல், லயத்து வீட்டிலேயே வளர்ந்த முதியவர்கள் அவர்கள். மலேசிய சைகை மொழியும் தெரியாது, எழுத்தும் தெரியாது. வீட்டார் அறிந்த சைகை மட்டுமே அவர்களின் மொழி.

ஆக, ‘காது கேளாதவர்’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு ஏற்பாடுகள் அடங்கியிருக்கின்றன. எது தேவை என்பதை வெளியிலிருந்து பார்த்து ஊகிக்க முடியாது. கேட்டுத்தான் அறிய வேண்டும். கேட்பதற்கு ஏற்ற இடம் பதிவுப் படிவம்.

படிவத்தில் எப்படிக் கேட்பது?

‘நீங்கள் மாற்றுத்திறனாளியா? ஆம் / இல்லை’ என்று கேட்கும் படிவங்கள் உண்டு. அந்தக் கேள்வியால் ஏற்பாட்டாளருக்கு எந்தப் பயனும் இல்லை. ‘ஆம்’ என்ற விடையை வைத்து எந்த ஏற்பாட்டையும் செய்ய முடியாது. காது மந்தமான பெரியவர்கள் பலர் தங்களை மாற்றுத்திறனாளி என்று கருதுவதில்லை. அவர்கள் ‘இல்லை’ என்றே எழுதுவார்கள். சமூக நல இலாகா வழங்கும் மாற்றுத்திறனாளி அட்டையின் எண்ணைக் கேட்பதும் வேண்டாத வேலை. ஒருவரது உடல்நிலை பற்றிய விவரத்தை 2010ஆம் ஆண்டு தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூடுதல் கவனத்துடன் கையாள வேண்டிய தரவாக வகைப்படுத்துகிறது. தேவையற்றதைக் கேட்டு வாங்கி வைக்காமல் இருப்பதே நல்லது.

குறையைக் கேட்காமல் தேவையைக் கேட்டால் போதும். கீழ்க்கண்ட வடிவம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்:

நிகழ்ச்சியைப் பின்தொடர உங்களுக்கு எது வேண்டும்? பொருந்தும் அனைத்தையும் குறியிடுங்கள்.
– மலேசிய சைகை மொழிபெயர்ப்பு
– திரையில் தமிழ் எழுத்து
– திரையில் மலாய் எழுத்து
– ஒலிபெருக்கிக்கு அருகில் அல்லது முன்வரிசையில் இருக்கை
– வீட்டாருடன் அமர இடம் (அவர் சைகையில் விளக்குவார்)
– வேறு: ________
உங்களைத் தொடர்புகொள்ள ஏற்ற வழி: வாட்ஸ்அப் குறுஞ்செய்தி / அழைப்பு / வீட்டார் வழியாக

இதே கேள்விகள் அருகிலேயே மலாயிலும் இருக்க வேண்டும். தமிழில் மட்டும் அச்சிட்ட படிவத்தில், சைகை மொழிபெயர்ப்பு தேவைப்படுபவராலேயே அந்தக் கேள்வியைப் படிக்க முடியாது. மலாய் வாக்கியங்களும் குறுகியவையாக இருக்கட்டும். சைகை மொழியே முதல் மொழியாக உள்ளவருக்கு மலாய் எழுத்து இரண்டாம் மொழிதான்.

திரையில் மலாய் எழுத்து என்ற தெரிவு காது கேளாதவர்களுக்கு மட்டும் உரியதன்று. மலாக்காச் செட்டி சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாக மலாய் பேசி வருகிறார்கள். தமிழ் நிகழ்ச்சிகளுக்கு வரும் அவர்களுக்கும் அது உதவும்.

தொடர்புக்குத் தொலைபேசி எண் மட்டும் கொடுப்பது அடிக்கடி நேரும் தவறு. ‘மேல்விவரங்களுக்கு அழைக்கவும்’ என்ற வரியைக் கண்டதும் காது கேளாதவர் விலகிவிடுவார். அந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்தியும் அனுப்பலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

படிவத்தில் இரண்டு இறுதி நாட்கள் வேண்டும். பொதுப் பதிவு நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்புவரை திறந்திருக்கலாம். சைகை மொழிபெயர்ப்புக்கான வேண்டுகோளை மூன்று வாரங்களுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் குறைவு. வார இறுதி நாட்களில் அவர்களுக்கு வேலை அதிகம். மலாக்காவில் கிடைக்காமல் கோலாலம்பூரிலிருந்து வரவழைத்தால் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் பயணம். அதற்கான செலவையும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தோட்டங்களில் படிவத்தை எழுதுவது பெரும்பாலும் மகனோ மகளோதான். ‘அப்பாவுக்கு நான் சொல்லிக்கொள்வேன்’ என்று அவர்களே முடிவெடுத்து அந்தப் பகுதியை வெறுமையாக விட்டுவிடுவதுண்டு. படிவத்தைக் கொண்டு செல்பவர், ‘அப்பா தமிழ் படிப்பாரா?’ என்ற ஒரு கேள்வியை நேரில் கேட்டுவிட்டால் விடை தெளிவாகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு: ஜாசினில் சொக்சோ விளக்கக் கூட்டம்

ஜாசின் வட்டாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோட்டத் தொழிலாளர்களுக்கும் பணி ஓய்வு பெற்றவர்களுக்கும் சொக்சோ பற்றிய மூன்று மணி நேர விளக்கக் கூட்டம் நடப்பதாக வைத்துக்கொள்வோம். காது கேளாதவர்களுக்கு இந்தக் கூட்டத்தில் தனி அக்கறை உண்டு. வேலையிட இரைச்சலால் ஏற்படும் செவித்திறன் இழப்பு, 1969ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இழப்பீடு கேட்கக்கூடிய நிலையில் உள்ளவர்களே அதைப் பற்றிய விளக்கத்தைக் கேட்க முடியாதவர்களாக இருக்கிறார்கள்.

நூற்றுப்பத்துப் பேர் பதிவு செய்கிறார்கள். அவர்களில் ஆறு பேர் தேவைப் பகுதியை நிரப்பியிருக்கிறார்கள். பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவரும் மெர்லிமாவ் பெண் ஒருவரும் சைகை மொழிபெயர்ப்பும் மலாய் எழுத்தும் கேட்கிறார்கள். ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற மூவர் தமிழ் எழுத்து கேட்கிறார்கள். ஒரு பாட்டிக்காக அவருடைய மகள், ‘வீட்டார் விளக்குவார்’ என்று குறியிட்டிருக்கிறார்.

மொழிபெயர்ப்பாளர் ஒருவர் போதாது, இருவர் வேண்டும். பேச்சைக் கேட்டுக்கொண்டே கையால் மொழிபெயர்ப்பது கடும் மனவுழைப்பு. அரை மணி நேரத்துக்குள்ளேயே பிழைகள் கூடத் தொடங்கும். அதனால் பதினைந்து, இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை இருவரும் மாறிக்கொள்வார்கள். ஓய்வில் இருப்பவரும் சும்மா இருப்பதில்லை. விடுபட்ட எண்ணையோ பெயரையோ மற்றவருக்கு எடுத்துக் கொடுப்பார். மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றி மலேசியக் காது கேளாதோர் கூட்டமைப்பிடமோ சமூக நல இலாகாவின் மாவட்ட அலுவலகத்திடமோ விசாரிக்கலாம்.

அடுத்து வருவது மொழிச் சிக்கல். கிடைத்த இரு மொழிபெயர்ப்பாளர்களுக்கும் தமிழ் தெரியாது. மலாயைக் கேட்டுச் சைகையாக்குவதே அவர்கள் கற்ற தொழில். தமிழும் சைகையும் ஒருங்கே அறிந்தவர்கள் மிகச் சிலரே.

இந்த நிகழ்ச்சியில் முதற்பகுதி எளிது. சொக்சோ அதிகாரி மலாயில் பேசுவார். சங்கப் பொறுப்பாளர் ஒருவர் அதைத் தமிழில் சொல்வார். மொழிபெயர்ப்பாளர்கள் அதிகாரியின் மலாயை நேரடியாகக் கேட்டுச் சைகையாக்கலாம். தமிழ் விளக்கத்தைத் தட்டச்சர் திரையில் ஏற்றலாம்.

சிக்கல் கேள்வி நேரத்தில் தொடங்குகிறது. மக்கள் தமிழில் கேட்பார்கள். மற்றவர்கள் தமிழிலேயே பதில் சொல்வார்கள். அப்போது சைகை மொழிபெயர்ப்பாளரின் கைகள் நின்றுவிடும். ஆகவே மலாயும் தமிழும் நன்றாகத் தெரிந்த ஒருவரை, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரைப் போல, மொழிபெயர்ப்பாளரின் பக்கத்தில் அமர்த்த வேண்டும். அவர் தமிழைத் தாழ்ந்த குரலில் மலாயில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் அதைச் சைகையாக்குவார். இந்தத் தொடர் முறையில் சில விநாடிகள் தாமதம் ஏற்படும். எனவே அவைத் தலைவர் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேச விட வேண்டும். ஒரு கேள்வி முடிந்ததும் சற்று நிறுத்தி, காது கேளாதவர்கள் கை உயர்த்துகிறார்களா என்று பார்த்துவிட்டு அடுத்தவரை அழைக்க வேண்டும்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு அனுப்ப வேண்டும். நிகழ்ச்சி நிரல், பேச்சாளர் பெயர்கள், அதிகாரியின் விளக்கப் படங்கள் ஆகியவற்றோடு சிறிய சொற்பட்டியலும் அதில் இருக்கட்டும். தமிழர் ‘சொக்சோ’ என்பதை மலாயில் ‘பெர்கேசோ’ என்பார்கள். காது கேளாதவர் அறிந்திருப்பதும் அந்தப் பெயரையே. தண்டல், கிராணி, பெரட்டு போன்ற தோட்டத்துச் சொற்கள் நகரத்திலிருந்து வரும் மொழிபெயர்ப்பாளருக்கு மட்டுமல்ல, உடன் அமரும் நகர்ப்புறத் தமிழருக்கும் புதியவையாக இருக்கலாம். மேற்பார்வையாளர், தோட்ட அலுவலக எழுத்தர், காலை ஆள்கணக்கெடுப்பு என்று மலாய் விளக்கத்தோடு எழுதிக் கொடுத்தால் தடுமாற்றம் இருக்காது.

பாட்டிக்கு அவருடைய மகளே துணை. மேடையில் நடப்பதை மகள் தன் வீட்டுச் சைகையில் சொல்வார். ஆனால் பாரத்தில் கையெழுத்து அல்லது கைரேகை இடும் கட்டம் வந்தால், அதைக் கூட்டத்தின் நடுவில் வைத்துக்கொள்ளாமல் பின்னர் தனியே பொறுமையாக விளக்க வேண்டும். முடிந்தால், காது கேளாதவரே மொழிபெயர்ப்பு உதவியாளராக இருந்து அவரிடம் பேசிப் பார்ப்பது நல்லது. பொது மொழி இல்லாத ஒருவரிடம் படம், முகபாவம், நடித்துக் காட்டல் ஆகியவற்றால் பொருளை உணர்த்துவதில் காது கேளாதவர்களுக்கு நல்ல பழக்கம் உண்டு.

மற்ற இருவருக்கும் உறவினரே மொழிபெயர்க்கட்டும் என்று விடுவது சரியன்று. அவர்கள் கேட்டது சைகை மொழிபெயர்ப்பு. உறவினர் தமக்கு முக்கியம் என்று தோன்றுவதை மட்டும் சுருக்கிச் சொல்வார். சம்பளம், நோய் பற்றிய கேள்விகளைத் தம் வீட்டார் முன் கேட்க யாருக்கும் தயக்கம் இருக்கும்.

திரையில் தமிழ் எழுத்து

சாதாரணமாகப் பேசும் ஒருவர் நிமிடத்துக்கு நூறு தமிழ்ச் சொற்களுக்கு மேல் பேசிவிடுவார். நன்கு பழகிய தட்டச்சரும் அதில் பாதியை எட்டுவதே அரிது. ஆகையால் கையால் தட்டச்சு செய்யும் நேரடி எழுத்து முழுப் பேச்சாக இருக்காது, சாரமாகவே இருக்கும். இதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டால் வேலை எளிதாகிவிடும். தேதி, தொகை, வயது வரம்பு, அலுவலகப் பெயர் ஆகியவை ஒன்றுகூட விடுபடக் கூடாது. நகைச்சுவைத் துணுக்கும் வரவேற்பு வார்த்தைகளும் சுருங்கலாம்.

அஞ்சல் விசைப்பலகையில் வேகமாகத் தட்டச்சு செய்யும் இருவர் மாறி மாறிச் செய்தால் மூன்று மணி நேரம் தாங்கும். வரவேற்புரை, அதிகாரியின் படங்களில் உள்ள விவரம், தீர்மானங்கள் போன்றவற்றை முன்பே தட்டச்சு செய்து வைத்து உரிய நேரத்தில் ஏற்றலாம். அன்றைக்குத் தட்டச்சு செய்ய வேண்டிய அளவு அதனால் பாதியாகக் குறையும். எழுத்துக்குத் தனித் திரை வேண்டும். விளக்கப் படத்தின் அடியில் நுழைத்தால் முன்வரிசைத் தலைகள் மறைத்துவிடும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, ஒரே நேரத்தில் மூன்று நான்கு வரிகள் போதும். கடைசி வரிசையில் அமர்ந்து கண்ணாடி அணிந்த ஒரு பெரியவரைப் படிக்கச் சொன்னால் எழுத்தின் அளவு சரியா என்பது தெரிந்துவிடும்.

பேச்சைத் தானாகவே தமிழ் எழுத்தாக்கும் செயலிகள் இப்போது கைப்பேசியில் கிடைக்கின்றன. ஆள் கிடைக்காதபோது அவற்றையும் எண்ணிப் பார்க்கலாம். ஆனால் மலேசியத் தமிழர் ஒரே வாக்கியத்தில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் கலந்து பேசுவதால் அவை அதிகம் தடுமாறும். எதிரொலிக்கும் மண்டபத்தில் கைப்பேசியை மேசையில் வைத்தால் இன்னும் மோசமாகும். ஒலிக் கருவியிலிருந்து நேரடியாக இணைப்புக் கொடுக்க வேண்டும். பேசப்போகிறவரையே ஐந்து நிமிடம் பேசச் சொல்லி முன்னதாகச் சோதிக்கலாம். அவர் சொன்ன எண்களும் பெயர்களும் தேதிகளும் சரியாக வந்தனவா என்று மட்டும் எண்ணிப் பார்த்தால் போதும். அவற்றில் பிழை இருந்தால், உடனுக்குடன் திருத்தும் ஆள் இல்லாமல் அதைத் திரையில் விடக் கூடாது. தவறான கடைசித் தேதியைப் படித்துச் செல்பவர், ஒன்றும் படிக்காதவரைவிட அதிகம் இழப்பார்.

‘என் குரல் கணீரென்று இருக்கும், மைக் வேண்டாம்’ என்று சொல்லும் பேச்சாளரிடமும் மைக்கைக் கொடுத்தே ஆக வேண்டும். செவிக்கருவி அணிந்தவருக்கும், பக்கத்தில் மொழிமாற்றம் செய்பவருக்கும், தட்டச்சருக்கும் அந்த ஒலியே ஆதாரம். கேள்வி கேட்பவருக்கும் இது பொருந்தும்.

அன்றைய நாளில் கவனிக்க வேண்டியவை

சைகை மொழிபெயர்ப்பாளர் பேச்சாளரின் பக்கத்தில், வெளிச்சத்தில், பின்னால் பதாகையோ மின்விளக்கு அலங்காரமோ இல்லாத இடத்தில் நிற்க வேண்டும். காணொளி போடுவதற்காக விளக்கை அணைத்தால் அவர் மேல் மட்டும் ஒரு விளக்கு எரியட்டும். காது கேளாதவர்களுக்கு எதிரே முன்வரிசையில் பெயரிட்டு இருக்கை ஒதுக்க வேண்டும். பிரமுகர் தாமதமாக வந்தாலும் அந்த இருக்கைகளைக் கொடுத்துவிடக் கூடாது. அவர்களிடம் பேசுபவர் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து ‘அவருக்கு என்ன வேணும்னு கேளுங்க’ என்னாமல், காது கேளாதவரின் முகத்தையே பார்த்துப் பேச வேண்டும்.

ஏற்பாடு சரியாக நடக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்தே அறியலாம். பேச்சு ஓடும்போது மொழிபெயர்ப்பாளரின் கைகள் நெடுநேரம் அசையாமல் இருந்தால் தமிழ் அவரை எட்டவில்லை என்று பொருள். மண்டபம் சிரித்து இரண்டு மூன்று விநாடி கழித்துக் காது கேளாதவர் சிரித்தால் எல்லாம் சரி. சிரிக்காமல் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினால் இழை அறுந்துவிட்டது. தலையாட்டலை மட்டும் நம்ப முடியாது; மரியாதைக்காகவும் தலையாட்டுவார்கள். இடைவேளையில் மொழிபெயர்ப்பாளர் வழியாக, ‘பாரத்தை எந்த அலுவலகத்தில், எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும்?’ என்று கேட்கலாம். அவரே விடை சொன்னால் செய்தி சேர்ந்துவிட்டது. சொல்லத் தெரியவில்லை என்றால் இரண்டாம் பகுதி தொடங்குவதற்கு முன் திருத்திக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது.

நிரப்பப்பட்ட படிவங்களைத் தேவையான இருவர் மட்டும் பார்க்கட்டும். யாருக்கு என்ன தேவை என்ற பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் பகிர வேண்டாம். தேவைப் பகுதியை யாருமே நிரப்பவில்லை என்றால், அப்படிப்பட்டவர்கள் வட்டாரத்தில் இல்லை என்று உடனே முடிவு செய்துவிடக் கூடாது. முதலில் அந்தப் பகுதி மலாயிலும் இருந்ததா, குறுஞ்செய்தி எண் இருந்ததா, அழைப்பிதழில் ‘சைகை மொழிபெயர்ப்பு உண்டு’ என்ற வரி இருந்ததா என்று பார்க்க வேண்டும். இதுவரை எந்த நிகழ்ச்சியிலும் கேட்கப்படாதவர்கள், இம்முறை கேட்கிறார்கள் என்பதை அறிந்தால்தான் பதிவு செய்வார்கள்.